மளிகைக் கடைக் கல்லாவுக்கு 12,000 ரூபாய் போனா, 70,000 ரூபாய் போனா?

துறையூர் மளிகைக் கடைக்காரர்: ஐயா, நாளுக்கு நூற்றைம்பது பேராவது ஸ்கேன் செய்து பணம் கட்டுகிறார்கள். என் பழைய போன் திணறுகிறது. மகன் 70,000 ரூபாய் போன் வாங்கச் சொல்கிறான். 12,000 ரூபாய் போன் போதும் என்பது என் எண்ணம். எது சரி?

உங்கள் எண்ணத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன். ஆனால், 12,000 ரூபாய்க்குக் கிடைக்கும் எல்லா போனையும் வாங்கிவிடக் கூடாது. ஏன் என்பது பணம் வரும் வழியைப் பார்த்தால் விளங்கும். வாடிக்கையாளர் உங்கள் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பின் எண்ணை இட்டதும், அவருடைய வங்கியிலிருந்து பணம் கழிந்து, யுபிஐ வழியாக உங்கள் கணக்கை நோக்கி நகர்கிறது. கட்டணம் முடிந்தது என்ற செய்தி, கியூஆர் கொடுத்த நிறுவனத்தின் சர்வரிலிருந்து, பணம் வந்ததைப் பேசிச் சொல்லும் சவுண்ட்பாக்ஸ் பெட்டிக்கு அதற்குள் இருக்கும் சிம் வழியாக வருகிறது. இந்தப் பாதையில் எங்குமே உங்கள் போன் இல்லை. இதை ஒரு முறை சோதித்துப் பாருங்கள். உங்கள் போனை முழுவதும் அணைத்துவிட்டு, வீட்டில் உள்ள ஒருவரை 1 ரூபாய் அனுப்பச் சொல்லுங்கள், பெட்டி பேசும்.

சுவரில் ஒட்டியிருப்பது வணிகர் கியூஆராக இல்லாமல், உங்கள் சொந்தக் கணக்கின் கியூஆராக இருந்தால் நிலைமை வேறு. அப்போது பணம் வந்ததற்கு உங்கள் போனில் வரும் அறிவிப்பு மட்டுமே சாட்சி. போனைப் பார்க்க நேரமில்லாத மாலை ஏழு மணிக் கூட்டத்தில்தான் போலி ரசீதுத் திரையைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் வருகிறார்கள். அந்த நிலையில் இருந்தால், போன் வாங்குவதற்கு முன் வணிகர் கணக்கும் சவுண்ட்பாக்ஸும் வாங்குங்கள். பெட்டியின் வாடகை, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், மாதம் நூறு ரூபாயை ஒட்டித்தான் இருக்கும்.

கரூர், ஜவுளிக் கடை: அண்ணா, விலை குறைந்த போனில் பணம் வந்த அறிவிப்பு பத்து நிமிடம் கழித்து வருகிறது. விலை கூடிய போனில் உடனே வருகிறது. நானே இரண்டையும் வைத்துப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் விலைக்கும் வேகத்துக்கும் தொடர்பு உண்டுதானே?

நீங்கள் கண்டது உண்மை, காரணம்தான் வேறு. சில நிறுவனங்கள் மின்கலம் நீடிக்க வேண்டும் என்பதற்காக, திரையில் திறந்திருக்காத செயலிகளைத் தூங்க வைத்துவிடுகின்றன. நினைவகம் குறைந்த போன்களில் இது இன்னும் கடுமையாக நடக்கும். செட்டிங்ஸில் அந்தப் பணச் செயலியைத் தேர்ந்தெடுத்து, பேட்டரி என்ற பகுதியில் கட்டுப்பாடு இல்லாத நிலையை இயக்குங்கள். அதோடு சேமிப்பிடத்தையும் பாருங்கள். 64 ஜிபி போனில் வாட்ஸ்அப் குழுக்களின் படங்களும் காணொளிகளும் நிரம்பி 2 ஜிபி மட்டும் மீதி இருந்தால், எந்த போனும் திணறும். எங்கள் பழுதுநீக்கும் கடைக்கு "போன் பழசாகிவிட்டது" என்று வருகிறவற்றில் பலவற்றுக்குத் தேவைப்படுவது இந்தத் துப்புரவுதான். இரண்டையும் செய்த பிறகும் தாமதம் இருந்தால், அப்போது மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம். புதிதாக வாங்கும்போது 128 ஜிபிக்கும் 6 ஜிபி ராமுக்கும் குறையாமல் எடுங்கள். விளம்பரத்தில் கூடுதலாகச் சேர்த்துச் சொல்லும் 'மெய்நிகர் ராம்' கணக்கில் வராது.

துறையூர் மளிகைக் கடைக்காரர்: எல்லா 12,000 ரூபாய் போனையும் வாங்கக் கூடாது என்றீர்களே, எப்படித் தேர்வு செய்வது?

பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும் என்பதைக் கேட்டுத் தேர்வு செய்யுங்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து தொடங்குவதில்லை, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. கடைக்காரர் தள்ளுபடி விலையில் நீட்டும் போனில் பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

மூன்று போன்களை வைத்து எடுத்துக்காட்டாகக் கணக்குப் போடுகிறேன். முதல் போன் 70,000 ரூபாய், ஏழு ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு உண்டு. ஆண்டுக்கு 10,000 ரூபாய் ஆகிறது. இரண்டாவது போன் இந்த ஆண்டு வந்த மாடல், 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பு. ஆண்டுக்கு 3,000 ரூபாய். மூன்றாவது போன் தள்ளுபடியில் 9,000 ரூபாய், ஆனால் வெளிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன, அதற்கு மொத்தமே மூன்று ஆண்டுப் புதுப்பிப்புதான். மீதி ஒரே ஓர் ஆண்டு. அதாவது ஆண்டுக்கு 9,000 ரூபாய். மலிவு என்று நினைத்து எடுத்த மூன்றாவது போன், மகன் கேட்கும் போனின் ஆண்டுச் செலவை நெருங்கிவிடுகிறது. ஆகவே மாடலின் பெயரையும், அது வெளிவந்த மாதத்தையும், நிறுவனம் அறிவித்த புதுப்பிப்பு ஆண்டுகளையும் இணையத்தில் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இப்போது கையில் இருக்கும் போனுக்குக் கடைசியாக எப்போது புதுப்பிப்பு வந்தது என்பதை, செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குள் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் தேதியோடு காணலாம். சாம்சங் கேலக்ஸி எஸ்24 போன்ற மேல்நிலை போன்களுக்கு ஏழு ஆண்டுகள் தருவதாக அறிவித்திருக்கிறார்கள். குறைந்த விலை போன்களிலும் நீண்ட காலம் தருகிறவை வரத் தொடங்கியிருக்கின்றன.

சென்னை, மென்பொருள் துறையில் இருப்பவர்: ஒரு மாற்றுக் கருத்து. புதுப்பிப்பு நின்ற போனிலும் யுபிஐ செயலிகள் பல ஆண்டுகள் ஓடுகின்றன. சிறு கடைக்காரர்கள் பணத்தை இழப்பது மென்பொருள் ஓட்டையால் அல்ல, அவர்களே அனுமதி கொடுப்பதால்தான். நீங்கள் புதுப்பிப்புக்கு அளவுக்கு மீறி எடை கொடுக்கவில்லையா?

உங்கள் கருத்தில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் தெருவில் நான் பார்த்த இழப்புகளில் ஒன்றுகூடப் புதுப்பிப்பு இல்லாததால் மட்டும் வந்ததில்லை. வாட்ஸ்அப்பில் போக்குவரத்து அபராதம் என்றோ கல்யாணப் பத்திரிகை என்றோ வந்த, செயலியை நிறுவும் ஏபிகே கோப்பைத் திறந்து, அது கேட்ட எஸ்எம்எஸ் அனுமதியைக் கொடுத்தவர்களும், பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னவரை நம்பித் திரையைப் பகிரும் செயலியை இறக்கியவர்களும்தான் இழந்தார்கள். நம் கையாலேயே அனுமதி கொடுத்துவிட்டால் 70,000 ரூபாய் போனும் அதைத் தடுத்து நிறுத்திவிடும் என்று நம்ப முடியாது. பணம் பெற யுபிஐ பின் எண்ணை இட வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை என்பது கடைப் பையன் வரை தெரிந்திருக்க வேண்டும். தவறு நடந்துவிட்டால் அடுத்த நிமிடமே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்து, வங்கிக்கும் சொல்ல வேண்டும்.

ஆனாலும் புதுப்பிப்பு நின்ற போனைக் கணக்கு உள்ள போனாக வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் அந்த அபாயம் கண்ணுக்குத் தெரிந்து வருவதில்லை. இதில் உங்கள் எடையும் என் எடையும் வேறுபடுவதை அப்படியே விட்டுவிடலாம்.

பொள்ளாச்சி, பழக்கடை: அண்ணே, என் தம்பி ஐபோன்தான் வைத்திருக்கிறான். படம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது. பழங்களைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறேன், வியாபாரமும் கூடுகிறது. அதற்கு விலை கூடிய போன் நல்லதுதானே?

படத்துக்காக வாங்குவது தனிக் கணக்கு, தம்பி. அதனால் விற்பனை கூடுகிறதென்றால் வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அந்த போன் வாடிக்கையாளர் கைக்கும் தண்ணீர் தெளிக்கும் கூடைக்கும் நடுவில் இருக்கக் கூடாது. நான் என் கடையில் செய்த தவறு இது: சொந்தப் பேச்சு, வங்கி, கடைக் கணக்கு எல்லாமே ஒரே விலை கூடிய போனில் இருந்தன. பேருந்தில் அது தொலைந்தது. புது சிம் அன்றைக்கே கிடைத்தது. ஆனால் சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்படும், எஸ்எம்எஸ் இல்லாமல் யுபிஐயைப் பதிய முடியாது. பதிந்த பிறகும் முதல் நாளில் 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப முடியவில்லை. மொத்தக் கொள்முதல் செய்ய வேண்டிய நாளில் பணத்தை நோட்டாகத் தேடினேன். கியூஆர் அட்டை வழியாகப் பணம் வந்துகொண்டே இருந்தது, அதை வெளியே எடுக்கத்தான் வழியில்லை.

அதனால் இப்போது பதிவு செய்த சிம் ஒரு சாதாரண போனில், கல்லாப் பெட்டியை விட்டு நகராமல் இருக்கிறது. புது போன் வாங்கினாலும் பழைய போனை விற்காமல், சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன். போன் மட்டும் உடைந்தால் சிம்மை மாற்றிப் போட்டுப் பதிவு செய்துகொள்ளலாம். இன்னொன்று: `*#06#` அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணைப் பில்லில் எழுதி வையுங்கள். தொலைந்தால் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைத் தடை செய்ய அதுதான் வேண்டும்.

திருநெல்வேலி, மருந்துக் கடை நடத்தும் பெண்: சார், கார்டைத் தட்டிப் பணம் வாங்கும் வசதி போனிலேயே வருகிறதாமே? அதற்கு விலை கூடிய போன்தான் வேண்டுமா?

வேண்டாம், அம்மா. அதற்கு என்எஃப்சி என்ற பாகம் போனில் இருந்தால் போதும். அது மலிவான மாடல்கள் பலவற்றில் இருக்காது, நடுத்தர விலையில் சிலவற்றில் இருக்கும். ஆகவே பெட்டியில் உள்ள விவரத்தைப் படித்த பிறகே பணம் கொடுங்கள். 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமலே தட்டலாம் என்பதால் மருந்துக் கடைக்கு இது பயன்படும். ஆனால் கார்டு வழியில் வரும் தொகைக்குக் கட்டணம் பிடிப்பார்கள், ரூபே டெபிட் கார்டு மட்டும் விலக்கு. ஒரு மாதத்தில் எத்தனை பேர் கார்டை நீட்டிவிட்டு, கார்டு வசதி இல்லை என்று திரும்பிப் போகிறார்கள் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

பில்லைக் கடையின் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு வாங்க மறக்காதீர்கள். நீங்கள் சாதாரண முறையில் ஜிஎஸ்டி கட்டுகிறவராக இருந்தால், கடைக்கு வாங்கிய போனுக்குக் கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் எனப்படும் தொகுப்புத் திட்டத்தில் இருந்தால் முடியாது.

துறையூர் மளிகைக் கடைக்காரர்: கடைசியாக ஒன்று. எங்கள் கடை தகரக் கூரைக்குக் கீழே, இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் இருக்கிறது. உள்ளே சிக்னல் வருவதில்லை. விலை கூடிய போன் அதைத் தீர்க்குமா?

தீர்க்கும் என்று சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு முன், வேறொரு நிறுவனத்தின் சிம் உள்ள யாருடைய போனையாவது கல்லா இருக்கும் இடத்தில் வைத்து, இரண்டு நாள் மாலை நேரத்தில் பாருங்கள். பெரும்பாலும் சிம்மை மாற்றினாலே தீர்ந்துவிடும், ஆனால் சவுண்ட்பாக்ஸின் சிம் எந்த நிறுவனத்தினுடையது என்பதை நீங்கள் தேர்வு செய்ய முடியாமல் போகலாம். அதைப் பெட்டி கொடுக்கும் முகவரிடம் கேளுங்கள். அந்தப் பெட்டியைக் கடையின் வாசலுக்கு அருகில் மாட்டிப் பாருங்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது, பக்கத்துக் கடைக்காரருக்கு இருக்கவில்லை.