லேப்ஸ் ஆன பாலிசியைப் புதுப்பிக்க மெயில் எழுதும்போது சுகரை மறைக்கலாமா?

"மேடம், ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். 2016 மே மாதம் 10 லட்சத்துக்கு 20 வருட ஆயுள் பாலிசி எடுத்தேன். அரையாண்டுத் தவணை 24,600 ரூபாய். 2023 நவம்பர் வரை ஒழுங்காகக் கட்டினேன். பிறகு வேலை இல்லாமல் மூன்று தவணை விட்டுப்போச்சு. இப்போது பணம் இருக்கிறது. மெயில் போட்டுப் புதுப்பிக்கலாம் என்கிறார்கள். ஆனால் போன தீபாவளிக்கு முன்னால் எனக்குச் சுகர் இருப்பது தெரிந்து மாத்திரை சாப்பிடுகிறேன். 'உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னு போடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க' என்கிறார் ஏஜென்ட் அண்ணன். மெயிலில் என்ன எழுதுவது?" (வாசகர், வயது 43, ஆத்தங்குடி)

சுகர் இருப்பதை எழுதுங்கள். எப்போது தெரிந்தது, என்ன மாத்திரை, கடைசிப் பரிசோதனையில் எவ்வளவு என்பது வரை எழுதுங்கள். ஏஜென்ட் அண்ணன் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும், உங்களுக்கும் டெஸ்ட் செலவு மிச்சம். ஆனால் அவர் சொன்னபடி செய்தால் என்ன ஆகும் என்பதை உங்கள் கணக்கையே வைத்துக் காட்டுகிறேன்.

20 வருடத்துக்கு மொத்தம் 40 தவணை. நீங்கள் கட்டியது 16. இனி ஒரு பைசா கட்டாமல் விட்டாலும் உங்கள் பாலிசி செத்துப்போகாது. பத்து லட்சத்தில் நாற்பதுக்குப் பதினாறு பங்கு, அதாவது 4 லட்சம், 'பெய்ட்-அப்' தொகையாக நிற்கும். அதுவரை சேர்ந்த போனஸ் இருந்தால் அதுவும் கூட வரும். ஆக, நீங்கள் புதுப்பிப்பது மீதி 6 லட்சத்துக்காக. பொய் எழுதினால் முதலில் போவதும் அந்த 6 லட்சம்தான்.

காரணம் இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-வது பிரிவு. 2015-ல் திருத்தப்பட்ட பிறகு அது சொல்வது இது: பாலிசி கொடுத்த நாள், ரிஸ்க் தொடங்கிய நாள், புதுப்பித்த நாள் இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று வருடம் கடந்துவிட்டால், எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி அந்தப் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. உங்களுக்கு அந்த மூன்று வருடம் 2019 மே மாதமே முடிந்துவிட்டது. தொடர்ந்து கட்டியிருந்தால், இடையில் வந்த சுகரைப் பற்றி யாரிடமும் சொல்ல வேண்டியதே இல்லை. இப்போது புதுப்பிக்கும் நாளிலிருந்து அந்த மூன்று வருடம் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். அதற்குள் உங்களுக்கு ஏதாவது நேர்ந்தால், புதுப்பிக்கும்போது கொடுத்த உடல்நல அறிக்கையைத்தான் கம்பெனி முதலில் எடுத்துப் பார்க்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள் என்று நினைக்கலாம். நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கினாலும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வந்தாலும், உங்கள் பெயரும் தேதியும் பதிவில் இருக்கும். புதுப்பித்துச் சில மாதத்தில் வரும் இறப்புக் கோரிக்கையை விசாரிக்காமல் விடமாட்டார்கள்.

சில வருடம் முன்பு தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா கணவரின் புதுப்பித்தல் படிவத்தோடு என்னிடம் வந்தார். நோய் பற்றிய அத்தனை கேள்விக்கும் ஒரே நீல மையில், ஒரே கையெழுத்தில், ஒன்றன் கீழ் ஒன்றாக 'இல்லை' என்று இருந்தது. அடியில் கணவரின் கையெழுத்து மட்டும் வேறு பேனாவில் நடுங்கி நின்றது. கூடவே அவர் கொண்டுவந்திருந்த மாத்திரைச் சீட்டுப் புத்தகத்தில், படிவத்தின் தேதிக்கு ஏழு மாதம் முன்பிருந்தே பிரஷர் மாத்திரை எழுதப்பட்டிருந்தது. கம்பெனி புதுப்பித்தலை ரத்து செய்து, பழைய பெய்ட்-அப் தொகையை மட்டும் கொடுத்தது. எழுதியது ஏஜென்ட் என்று அந்த அம்மா சொன்னார். கையெழுத்து கணவருடையதாயிற்றே, நான் என்ன சொல்லி வாதாட முடியும்?

இன்னொன்றையும் உங்கள் வீட்டம்மாவை நினைத்துச் சொல்கிறேன். கம்பெனி இதை 'மோசடி' என்று சொல்லி, பாலிசிதாரர் உயிரோடு இல்லை என்றால், மோசடி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது பணம் பெற வேண்டியவர்களின் பொறுப்பு என்று அதே பிரிவு சொல்கிறது. அது வெறும் தவறான தகவல் என்று முடிவானால், பாலிசியை ரத்து செய்தாலும் கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மோசடி என்றால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும்? பெரும்பாலும் ரத்தப் பரிசோதனை கேட்பார்கள், அதன் செலவு பொதுவாக உங்களுடையது. பிறகு மூன்றில் ஒன்று. பழைய பிரீமியத்துக்கே ஏற்கலாம். கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கேட்கலாம். அல்லது மறுக்கலாம். கட்டுக்குள் இருக்கும் சுகர் ஒன்றுக்காக மட்டும் மறுத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். சிறுநீரகம், இதயம், கண் பாதிக்கப்பட்டிருந்தால்தான் நிலைமை கடினமாகும்.

மெயிலுக்கு முன் ஒரு வேலை. பாலிசி பாண்டை எடுத்து 'புதுப்பித்தல்' என்ற பகுதியைப் படியுங்கள். 2019-ல் வந்த விதிகளின்படி உங்களுடையது போன்ற சாதாரண பாலிசிக்கு முதல் விட்டுப்போன தவணையிலிருந்து ஐந்து வருடமும், பங்குச்சந்தை சார்ந்த பாலிசிக்கு மூன்று வருடமும் அவகாசம். உங்கள் பாண்டு 2016-ல் எழுதியது, அதில் இரண்டு வருடம் என்றே இருக்கலாம். அப்படி இருந்தால் 2026 மே வரைதான் உரிமையாகக் கேட்கலாம், அதற்குப் பிறகு கம்பெனி தரும் சலுகையை நம்பி நிற்க வேண்டும். அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

பாக்கி 73,800 ரூபாய். அதற்கு மேல் வட்டி. வட்டி விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆண்டுக்கு 9 சதவீதம் என்று வைத்தால் இன்றைக்கு ஆறாயிரத்துச் சொச்சம் வரும். நீங்களாகக் கணக்குப் போட்டு அனுப்பாமல், எந்தத் தேதி வரைக்கும் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வருகிற நவம்பர் தவணை நெருங்குவதால், அதையும் சேர்த்தா சேர்க்காமலா என்று அதிலேயே தெளிவாகட்டும்.

மெயிலை ஏஜென்டின் முகவரியிலிருந்து அனுப்பாதீர்கள். பாலிசியில் பதிவான உங்கள் சொந்த மெயிலிலிருந்து, சர்வீஸ் செய்யும் கிளைக்கு அனுப்புங்கள். வாசகம் இப்படி இருக்கட்டும்:

பொருள்: பாலிசி எண் ________, புதுப்பித்தல் கோரிக்கை

ஐயா / அம்மா,

மேற்படி பாலிசியில் 2024 மே, 2024 நவம்பர், 2025 மே ஆகிய மூன்று தவணைகளைத் தொழில் மந்தத்தால் கட்ட இயலவில்லை. நிலுவையையும் வட்டியையும் முழுமையாகக் கட்டிப் பாலிசியைப் புதுப்பிக்க விரும்புகிறேன்.

பாலிசி எடுத்த பிறகு என் உடல்நிலையில் ஏற்பட்ட மாற்றம்: ________ தேதியில் எனக்கு நீரிழிவு இருப்பது தெரிந்தது. ________ மாத்திரையை நாளொன்றுக்கு ____ மில்லிகிராம் சாப்பிடுகிறேன். ________ தேதியிட்ட பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு ____. இதுவரை மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்ததில்லை. அறுவை சிகிச்சை எதுவும் இல்லை.

நிரப்பிய உடல்நல அறிக்கை, பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு, அடையாளச் சான்று ஆகியவற்றை இணைத்துள்ளேன். கூடுதல் பரிசோதனை தேவையென்றால் எங்கே செய்ய வேண்டும் என்று தெரிவியுங்கள்.

________ தேதி வரை கட்ட வேண்டிய மொத்தத் தொகையை எழுத்து மூலம் தெரிவியுங்கள். கூடுதல் பிரீமியம் விதிப்பதாக இருந்தால், என் சம்மதத்துக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். புதுப்பித்தல் ஏற்கப்பட்ட தேதியைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்புங்கள்.

இப்படிக்கு, (பெயர், பிறந்த தேதி, கைபேசி எண்)

உள்நோயாளியாக இருந்ததில்லை என்ற வரி உங்களுக்கு உண்மையாக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படிவம் ஆங்கிலத்தில் இருந்து நீங்கள் தமிழில் கையெழுத்திடுவதானால், படித்து விளக்கிச் சொன்னவர் போடும் உறுதிமொழி ஒன்று அடியில் இருக்கும். அது ஒப்புக்கு இல்லை. ஒவ்வொரு கேள்வியையும் படித்துக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள், பதிலை உங்கள் கையாலேயே எழுதுங்கள். எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

கடைசியாக, பணம் கட்டியதும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இன்னொரு பெரிய தவறு. ரசீது வந்தால் பணம் கம்பெனியில் டெபாசிட்டாக நிற்கிறது, அவ்வளவுதான். கம்பெனி ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்த பிறகுதான் பாலிசி உயிர் பெறும். பிரீமியத்தை வாங்கி வைத்துக்கொண்டதாலேயே ஒப்பந்தம் ஏற்பட்டுவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1984-லேயே சொல்லியிருக்கிறது. 2021-ல் தீர்ப்பான இன்னொரு வழக்கில், லேப்ஸ் ஆன பாலிசிக்காரர் விபத்தில் அடிபட்ட பிறகு, அதைச் சொல்லாமல் பாக்கி கட்டப்பட்டது. சில நாளில் அவர் இறந்தார். விபத்துப் பலன் கேட்ட மனைவிக்கு அது கிடைக்கவில்லை. எனவே மெயில் அனுப்பியதற்கும் ஏற்புக் கடிதம் வருவதற்கும் இடையில் காய்ச்சலுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தால்கூட, உடனே இன்னொரு மெயில் போட்டுத் தெரிவியுங்கள்.

பதில் வரவில்லை, அல்லது மறுத்த காரணம் சரியில்லை என்றால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கு ஒரு மாதமாகியும் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். சர்க்கரை அளவு கூடுதல் என்று மறுத்தால், பாண்டில் சொன்ன அவகாசம் முடிவதற்குள் அளவைக் குறைத்து, புதிய பரிசோதனை முடிவோடு மறுபடி கேட்கலாம். அதுவரை உங்கள் 4 லட்சத்துக்கு ஒரு குறையும் வராது.