திறீ இன் வன் சார்ஜிங் ஸ்டாண்ட்: வாங்கமுதல் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: "அண்ணா கனடாவில இருந்து போன், வோட்ச், பட்ஸ் மூண்டையும் ஒண்டா சார்ஜ் பண்ணுற ஸ்டாண்ட் ஒண்டு வாங்கி அனுப்பட்டோ எண்டு கேக்கிறார். என்னட்ட இருக்கிறது சாம்சங் கலக்ஸி எஸ்23, கலக்ஸி வோட்ச் 6, பட்ஸ் எஃப்இ. 'எல்லாத்துக்கும் பொருந்தும்' எண்டு பெட்டியில போட்டிருக்காம். வாங்கலாமோ?" (யாழ்ப்பாணம்)

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லுங்கள். உங்கள் மூன்று பொருள்களில் ஒன்று எந்த ஸ்டாண்டில் வைத்தாலும் சார்ஜ் ஆகாது. இன்னொன்று ஐபோன்காரருக்காகச் செய்த ஸ்டாண்டில் ஆகாது.

முதலில் பட்ஸ். பட்ஸ் எஃப்இயின் பெட்டிக்குள் வயர்லெஸ் சார்ஜிங்குக்கான சுருளே இல்லை, கேபிள் மட்டும்தான். இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். உங்கள் எஸ்23 தன் முதுகால் மற்றப் பொருளுக்குச் சார்ஜ் கொடுக்கும். Settings, Battery, Wireless power sharing என்று போய் அதை இயக்கி, போனைக் குப்புற வைத்து, பட்ஸ் பெட்டியை முதுகின் நடுவில் வையுங்கள். போனில் 30 வீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும், கவரைக் கழற்றிவிடுங்கள். சுருள் உள்ள பெட்டி என்றால் சில வினாடிகளில் அதன் விளக்கு எரியும். எஃப்இயில் எரியாது. வேறு பட்ஸ் வைத்திருப்பவர்களும் ஸ்டாண்ட் வாங்கமுதல் இப்படிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே வரிசையில் வந்த பட்ஸ் என்பதை மட்டும் நம்ப முடியாது: ஏர்பாட்ஸ் 4இல் இரைச்சல் நீக்கம் உள்ளது வயர்லெஸ்ஸில் ஏறும், இல்லாதது ஏறாது.

அதிகம் பேர் ஏமாறுவது வோட்ச்சில்தான். கனடாவில் கிடைக்கும் ஸ்டாண்டுகளில் பெரும்பாலானவற்றில் வோட்ச் வைக்கும் வட்டம் அப்பிள் வோட்ச்சுக்கானது. கலக்ஸி வோட்ச் 6 அதில் காந்தத்தால் ஒட்டினாலும் சார்ஜ் ஏறாது. போனுக்கான சாதாரண வயர்லெஸ் தட்டையும் நம்ப வேண்டாம். ஆகவே "ஸ்மார்ட் வோட்ச்சுக்கு ஏற்றது" என்ற பொதுவான வசனத்தை விட்டுவிட்டு, விவரத்தில் Galaxy Watch6 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். Watch3 வரை மட்டும் எழுதியிருந்தால் அது உங்களுக்கு உதவாது. வோட்ச்சில் Settings, About watch என்ற இடத்தில் மாதிரி இலக்கம் இருக்கும், 40 மி.மீ. என்றால் SM-R930, 44 மி.மீ. என்றால் SM-R940. விற்பவரிடம் அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

போன் விடயம் இலேசு. எஸ்23 வயர்லெஸ்ஸில் சார்ஜ் ஆகும், ஆனால் அதற்குள் காந்த வளையம் இல்லை. போனைக் காந்தத்தால் மட்டும் பிடிக்கும் ஸ்டாண்டில் அது வழுக்கி விழும். காந்த வளையம் உள்ள கவர் போட்டால் நிற்கும். இல்லாவிட்டால் கீழே விளிம்பு வைத்துத் தாங்கும் ஸ்டாண்டை எடுங்கள். அதிலும் ஒரு அளவு பார்க்க வேண்டும். எஸ்23இன் உயரம் சுமார் 146 மி.மீ.; சுருள் ஏறக்குறைய நடுவில் இருக்கும். ஆகவே ஸ்டாண்டின் விளிம்பிலிருந்து அதன் சுருளின் நடு வரை ஏழு சென்ரிமீற்றரளவு இருக்க வேண்டும். சுருள் மிக உயரத்தில் இருந்தால் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும், போனும் சுடும். எங்கள் ஊர் வெக்கையில் சூடு கூடினால் போன் தானாகவே சார்ஜிங்கைக் குறைத்துவிடும். கவருக்குப் பின்னால் உலோகத் தகடோ வங்கி அட்டையோ இருந்தால் எடுத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

கடைசியாக அடப்டர். பல ஸ்டாண்டுகள் கேபிளோடு மட்டும் வரும். அடிப்பக்கத்தில் Input என்ற இடத்தில் 9V 3A போல எழுதியிருக்கும்; அடப்டரிலும் Output வரிசையில் 9V இருந்து, அதற்கு நேரே உள்ள அம்பியர் அதே அளவோ கூடவோ இருக்க வேண்டும். பழைய 5V 1A அடப்டரைச் செருகினால் போன் மிக மெதுவாக ஏறும், வோட்ச்சை வைத்தவுடன் போனுக்குச் சார்ஜ் ஏறுவது நின்றும் போகலாம். இதைப் பார்த்து ஸ்டாண்ட் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கனடா அடப்டரின் இரண்டு தட்டைக் காலும் எங்கள் பிளக்கில் போகாது. அதில் 100-240V என்று இருந்தால் மின்சாரம் ஒத்துவரும், ஆனாலும் மூன்று சதுரக் காலுள்ள, PD என்று எழுதிய அடப்டர் ஒன்றை இங்கேயே வாங்குவது நல்லது.

உங்களுக்கு என் தெரிவு, போனுக்கும் வோட்ச்சுக்கும் மட்டுமான சாம்சங் டூவோ வகைத் தட்டு. வோட்ச் 6இன் பெயர் அதன் விவரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், வோட்ச்சோடு வந்த வட்டச் சார்ஜரையே செருகி வைக்கக் குழி விட்ட ஸ்டாண்டுகள் இருக்கின்றன. சார்ஜர் அந்தக் குழியில் பொருந்தினால் அவை சரிவரும், விலையும் குறைவு. அந்தச் சார்ஜரின் கேபிளுக்கு டைப் சி துளை ஒன்று வேண்டும் என்பதால், இரண்டு துளையுள்ள அடப்டராக எடுங்கள். பட்ஸ் எஃப்இயை முன்போலவே கேபிளில் போடுங்கள்.