லேப்டாப்பில் 128 ஜிபிதான், கிளவுடில் 200 ஜிபி: என்ன செய்வது?

கேள்வி: டிராப்பாக்ஸ் போட்டதும் டிஸ்க் நிரம்பிவிட்டது. செலக்டிவ் சிங்க் என்கிறார்களே, அது என்ன?

கிளவுடில் உள்ள ஃபோல்டர்களில் எவை இந்தக் கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுப்பதுதான் செலக்டிவ் சிங்க். சிங்க் என்றாலே இரண்டு பக்கமும் முழுப் பிரதி வைப்பது. 128 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் சுமார் 119 ஜிபி என்றே காட்டும், அதிலும் விண்டோஸுக்கே ஒரு பங்கு போய்விடும். 200 ஜிபி அதில் எப்படி அடங்கும்?

நகையெல்லாம் பேங்க் லாக்கரில் இருக்க, தினமும் போடும் சங்கிலியை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்வது மாதிரிதான் இது.

உதாரணமாக, போட்டோக்கள் 150 ஜிபி, அலுவலகக் கோப்புகள் 12 ஜிபி என்று வையுங்கள். டிராப்பாக்ஸின் Preferences-இல் Sync பகுதிக்குப் போய், Selective sync பட்டியலில் போட்டோ ஃபோல்டரின் டிக்கை எடுத்துவிடுங்கள். அது லேப்டாப்பிலிருந்து மறையும், dropbox.com-இல் அப்படியே இருக்கும். புதிய படங்கள் முழுதாக அப்லோட் ஆனபிறகே டிக்கை எடுப்பது நல்லது. அப்புறம், இன்டர்நெட் இல்லாத இடத்தில் அந்தப் படங்கள் கிடைக்காது. அதே பெயரில் லேப்டாப்பில் இன்னொரு ஃபோல்டர் உருவாக்கினால் பெயரோடு "Selective Sync Conflict" என்று ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்தால் பழையது கிளவுடில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

டிக் எடுப்பதும் டெலீட் செய்வதும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். சிங்க் ஆகும் ஃபோல்டரை ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டெலீட் செய்தால் கிளவுடிலிருந்தும் போய்விடும்.