ஒரு பிராம்ப்ட், நான்கு படங்கள்: எது சொன்னபடி வரைந்தது? கேள்வி பதில்

படம் வரையும் ஏஐ மாடல்களுக்கு நான் எழுதிக் கொடுத்த பிராம்ப்ட், அதாவது வரையச் சொல்லும் குறிப்பு, இதுதான்: “மர மேசை மேல் மூன்று நீலக் கோப்பைகள் வரிசையாக. நடுக் கோப்பை மட்டும் கவிழ்ந்திருக்கிறது. மேசையின் இடது ஓரத்தில் மூடிய சிவப்புப் புத்தகம். தட்டுகள் இல்லை.” நான்கு மாடல்களில் ஆளுக்கொரு படம் எடுத்து ஏ, பி, சி, டி என்று பெயர் வைத்திருக்கிறேன். கேளுங்கள்.

நிழல்: ஏ படம்தானே முதலிடம்? ஒளியைப் பாருங்கள், போட்டோ மாதிரியே இருக்கு.

ஏ-தான் கடைசி. அழகில் மயங்கினால் இந்த வேலை கெட்டது. படத்தைத் திறப்பதற்கு முன்பே பிராம்ப்டைத் துண்டு துண்டாக உடைத்து, ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்விகளாக எழுதி வைத்துவிட வேண்டும். பார்த்துவிட்டு எழுதினால் படத்தில் இருப்பதை மட்டுமே கேட்கத் தோன்றும், இல்லாமல் போனது கண்ணிலேயே படாது. எனக்கு இதில் 13 கேள்விகள் வந்தன. மேசை இருக்கிறதா, மரமா? கோப்பை இருக்கிறதா, சரியாக மூன்றா, எல்லாம் நீலமா, வரிசையாகவா, நடுவில் இருப்பது கவிழ்ந்திருக்கிறதா, மற்ற இரண்டும் நிமிர்ந்திருக்கின்றனவா? புத்தகம் இருக்கிறதா, சிவப்பா, மூடியிருக்கிறதா, இடது ஓரத்திலா? கடைசியாக, தட்டே இல்லையா? “மற்ற இரண்டும்” என்ற கேள்வியைப் பலர் விட்டுவிடுவார்கள். “மட்டும்” என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்குத்தான் அது.

ஏ-வில் நான்கு கோப்பைகள், எல்லாம் நிமிர்ந்து, ஒவ்வொன்றின் கீழும் தட்டு. நான்கில் நடு எது? அதனால் நடுவைப் பற்றிய இரண்டு கேள்விகளும் சேர்ந்தே விழுகின்றன. மதிப்பெண் 9. பி-யில் மூன்றுமே கவிழ்ந்து கிடக்கின்றன, புத்தகமும் வலது பக்கம்: 11. சி-யில் எல்லாம் அதனதன் இடத்தில், ஆனால் நடுக் கோப்பை சிவப்பு, புத்தகம் நீலம்: அதுவும் 11. டி பார்க்க மொக்கையான படம், புத்தகம் மட்டும் திறந்திருக்கிறது: 12.

ஆறாம்விரல்: எனக்கு ஒரு படத்தில் ஆளுக்கு ஆறு விரல் வந்தது, அதற்கு எத்தனை மார்க் குறைப்பது?

இந்தக் கணக்கில் எதுவும் குறையாது. விரல் எத்தனை என்று பிராம்ப்ட் சொல்லவில்லையே. அது படத்தின் தரம், வேறு பட்டியலில் போடுங்கள். இரண்டையும் ஒரே எண்ணில் கலந்தால் எதற்காகக் குறைந்தது என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

சீட்ராஜா: நாலு மாடலிலும் ஒரே சீட் எண் கொடுத்தால்தானே ஒப்பீடு நியாயம்?

பாதி சரி. படம் எந்தத் தற்செயல் புள்ளிக் குழப்பத்திலிருந்து தொடங்குகிறது என்பதை முடிவு செய்யும் எண்தான் சீட். ஒரே மாடலில், மற்ற அமைப்புகளை மாற்றாமல், பிராம்ப்டில் ஒரு சொல்லை மாற்றிப் பார்க்கிறீர்கள் என்றால் சீட் எண்ணை நிறுத்தி வையுங்கள், என்ன மாறியது என்று தெளிவாகத் தெரியும். மாடலே வேறு என்றால் 42 என்ற எண் இங்கே ஒன்று, அங்கே வேறொன்று. அப்போது ஒரு மாடலுக்கு ஒரு படம் போதாது, ஏழெட்டு எடுங்கள். என்னுடைய இந்த நான்கு படங்களை வைத்து எந்த மாடல் நல்லது என்று சொல்லவே முடியாது, எந்தப் படம் என்றுதான் சொல்லலாம்.

வேகம்: இவ்வளவு பாடு எதற்கு, கிளிப் ஸ்கோர் போட்டால் ஒரு நொடியில் எண் வந்துவிடுமே?

வரும். கிளிப் என்பது ஒரு படமும் ஒரு வாக்கியமும் எவ்வளவு பொருந்துகின்றன என்று எண் கொடுக்கும் மாடல். சி-யை டி-யிலிருந்து பிரித்துக் காட்டுமா என்று பாருங்கள். நீலம், சிவப்பு, கோப்பை, புத்தகம் எல்லாம் சி-யிலும் இருக்கின்றன, இடம் மாறி ஒட்டியிருக்கின்றன, அவ்வளவுதான். கிளிப் என்னென்ன இருக்கிறது என்பதை நன்றாகப் பிடிக்கும், எது எதனுடையது என்பதில் தடுமாறும். 2022-ல் வந்த வினோகிரவுண்ட் சோதனையில் அதே சொற்களை வரிசை மாற்றிய இரண்டு வாக்கியங்களை இரண்டு படங்களோடு பொருத்தச் சொன்னார்கள். கிளிப் உட்பட அன்றைய மாடல்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட அதிகம் தேறவில்லை. இன்னொன்று, பழைய கிளிப்பில் 77 டோக்கனுக்கு மேல், அதாவது அத்தனை சொல் துண்டுகளுக்கு மேல், உள்ளே போகாது. நீளமான பிராம்ப்டின் வாலை அது படிக்கவே படிக்காது.

தென்றல்: ஆனா பி படம் மனசுக்குப் பிடிச்சிருக்கே?

மேலே நிழலுக்குச் சொன்னதைப் படியுங்கள். கேள்வியை முதலில் எழுது, படத்தை அப்புறம் பார்.

கட்டம்: சார், ஏ-வுக்கு அநியாயம் செய்கிறீர்கள். ஒரு கோப்பை கூடிப்போனதற்கு மூன்று மார்க் போகிறது. கேட்கவே முடியாத கேள்வியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட வேண்டாமா?

எடுத்தால் ஏ-வுக்கு 11-க்கு 9, அதாவது 82 சதவீதம். பி 85. கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் அந்த வழியில் வெறும் மேசையை மட்டும் வரைந்து கொடுத்தால் என்ன ஆகும்? மேசை, மரம், தட்டு இல்லை, மூன்றுக்கும் ஆம். கோப்பை இல்லை, புத்தகம் இல்லை. மீதி எட்டும் கேட்க முடியாதவை. 5-க்கு 3, அறுபது சதவீதம்! என் முறையில் 13-க்கு 3, இருபத்துமூன்று. ஒன்றுமே வரையாதவனுக்கு அறுபது கொடுக்க எனக்கு மனம் வராது.

கட்டம்: அது விளிம்பு உதாரணம். யார் வெறும் மேசையை வரைவார்கள்? மூலத் தவறுகளை மட்டும் எண்ணுங்கள். ஏ-வுக்கு இரண்டு, பி-க்கு இரண்டு, சி-க்கும் இரண்டு.

ஒரே தவறுக்கு மூன்று தண்டனை என்பது சரியான குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏ-வில் ஒரு கோப்பைகூடக் கவிழவில்லை, பிராம்ப்டின் உயிரே அதுதான். உங்கள் கணக்கில் அது தவறாகவே பதிவாகவில்லையே.

ஓரம்: அப்போ கேள்வியை மாற்றி எழுதலாமே? “சரியாக ஒரு கோப்பை மட்டும் கவிழ்ந்திருக்கிறதா”, பிறகு “அது நடுவிலா”. எண்ணிக்கை தப்பினாலும் முதல் கேள்வியைக் கேட்கலாம்.

நல்ல யோசனை. போட்டுப் பார்த்தேன். ஏ-வின் தவறு இப்போது பிடிபடுகிறது. ஆனால் பி-யில் மூன்றும் கவிழ்ந்திருப்பதால் முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவது தொங்குகிறது. பி 10, சி 11. சற்று முன்வரை சமமாக இருந்த இரண்டும் படத்தில் ஒரு புள்ளிகூட மாறாமல் பிரிந்துவிட்டன, கேள்வியின் சொற்கள் மாறியதால். இதைப் பார்த்தபின் ஒரு மதிப்பெண் வித்தியாசத்தை வைத்து வெற்றி தோல்வி சொல்ல எனக்குக் கை கூசுகிறது. டி முதலிடம் என்பதையும் சேர்த்துத்தான்.

கட்டம்: அதைத்தான் நானும் சொன்னேன்.

இல்லை, நீங்கள் சொன்னது வேறு. ஆனால் சண்டை நல்ல சண்டை.

திசை: இடது என்றால் பார்ப்பவரின் இடதா, பொருளின் இடதா?

மேசைக்கு முகம் கிடையாது, அதனால் பார்ப்பவரின் இடது. “அவளுடைய இடது கையில்” என்று இருந்தால் அவளுடையது, நமக்கு எதிரே நின்றால் படத்தில் வலப்பக்கம் வரும். பிராம்ப்டிலேயே தெளிவில்லை என்றால் இரண்டுக்கும் மார்க் கொடுங்கள், குற்றம் எழுதியவருடையது.

மௌனம்: தட்டு வேண்டாம் என்று சொல்லியும் ஏன் தட்டு வருது?

மாடல் பழகிய படக் குறிப்புகளில் இருப்பதைத்தான் எழுதியிருப்பார்கள், இல்லாததை யார் எழுதுகிறார்கள்? அதனால் பல மாடல்களில் “தட்டு” என்ற சொல்லே தட்டை இழுத்து வந்துவிடும். நெகட்டிவ் பிராம்ப்ட் பெட்டி இருந்தால் அதில் போடுங்கள். ஆனால் ஒன்றுக்கு அந்தப் பெட்டி இருந்து இன்னொன்றுக்கு இல்லை என்றால் அந்த வரியை ஒப்பீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

புதுசு: எந்த ஆப் பெஸ்ட்?

சீட்ராஜாவுக்குச் சொன்னதைப் பாருங்கள்.

புதுசு2: சி படம் கலர் சூப்பர், அதுக்கு ஏன் குறைச்சீங்க?

கேள்வியை முதலில் எழுது. படத்தை அப்புறம் பார்.

ஓரம்: பி-யையும் சி-யையும் வேறொருவரிடம் பெயர் மறைத்து, வரிசை கலைத்துக் கொடுத்தேன். அவர் பி-தான் நெருக்கம் என்கிறார், நிறம் மாறினால் அது வேறு பொருளாம்.

அவரிடம் 13 கேள்விகளைக் கொடுத்தீர்களா, படத்தை மட்டும் கொடுத்தீர்களா?

ஓரம்: படத்தை மட்டும்.

நாளை கேள்விகளோடு கொடுங்கள். கட்டத்திடமும் கொடுங்கள்.