சப்டைட்டிலைப் படத்தோடு பதித்துவிடலாமா?

கேள்வி: அக்காவின் கலியாண வீடியோவில் எல்லாரும் பேசியதற்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சப்டைட்டில் செய்தோம். காது மந்தமான அம்மாவுக்குத் தமிழ், கனடாவில் உள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம். பென்ட்ரைவில் போட்டால் எங்கள் டிவியில் தமிழ் பெட்டி பெட்டியாக வருகிறது. கடையில் படத்தோடு பதித்துத் தருகிறோம், பிறகு பழைய ஃபைல் தேவையில்லை என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அம்மாவின் பிரதிக்குக் கொடுக்கலாம். பழைய ஃபைலை மட்டும் அழிக்க விடாதீர்கள். பதித்த எழுத்து படத்தின் ஒரு பகுதியாகிவிடும். அதற்குப் பின்னால் இருந்த காட்சி திரும்பி வராது. ஒரு பெயரில் எழுத்துப்பிழை இருந்தாலும் முதலிலிருந்துதான் செய்ய வேண்டும்.

பெட்டி பெட்டியாக வந்தால் பெரும்பாலும் டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். புரியாத குறிகளாகவோ கேள்விக்குறிகளாகவோ வந்தால் கதை வேறு: சப்டைட்டில் எழுத்துகள் உள்ள srt ஃபைலை நோட்பேடில் திறந்து, UTF-8 ஆகச் சேமித்து, வீடியோவின் அதே பெயரை வைத்துப் பக்கத்திலேயே போட்டுப் பாருங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் கடைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் டிவிக்கு அது உதவாது என்றே நினைக்கிறேன், பதிப்பதுதான் வழி.

கடையில் முதலில் ஒரு நிமிடத் துண்டை மட்டும் செய்து தரச் சொல்லி, வீட்டு டிவியிலேயே போட்டுப் பாருங்கள். ‘கொடுத்தார்’, ‘போனோம்’ போன்ற சொற்களைக் கவனியுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் தொங்கினால், அவர்களுடைய மென்பொருள் தமிழைச் சரியாகக் கோக்கவில்லை. கீழ் வரி திரை விளிம்பில் வெட்டுப்படுகிறதா, அம்மாவுக்கு எழுத்தின் அளவு போதுமா என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும்.

கனடாப் பிரதிக்குப் பதிக்கவே வேண்டாம். MKVToolNix என்ற இலவச மென்பொருளில் வீடியோவையும் இரண்டு srt ஃபைல்களையும் இழுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மொழியைக் குறித்து MKV என்ற ஒரே வீடியோ ஃபைலாக்கினால், பார்ப்பவர் வேண்டிய மொழியைத் தெரிவுசெய்வார். இதில் படத்தை மறுபடி என்கோட் செய்வதில்லை, அதனால் தரம் அப்படியே இருக்கும்; சாதாரண கணினியிலும் சில நிமிட வேலைதான். பதிப்பதற்கோ முழு வீடியோவையும் மறுபடி என்கோட் செய்ய வேண்டும், நேரமும் எடுக்கும், தரமும் கொஞ்சம் குறையும். ஆகவே இரண்டுக்கும் ஒரே விலை கேட்டால் ஏன் என்று கேளுங்கள். HandBrake என்ற மென்பொருளில் செய்கிறோம் என்றாலும் கேளுங்கள், அது சப்டைட்டிலைத் தனி ட்ராக்காக வைத்தாலும் படத்தை மறுபடி என்கோட் செய்துவிடும்.

வாங்கும்போது அங்கேயே கணினியில் VLC என்ற வீடியோ பிளேயரில் போட்டு V விசையை அழுத்தி அழுத்திப் பாருங்கள். MKV-இல் மொழி மாறும், ஒரு கட்டத்தில் எழுத்தே மறையும். அம்மாவின் பிரதியில் எத்தனை தடவை அழுத்தினாலும் தமிழ் போகக்கூடாது.