முடிந்த திரைக்கதையிலிருந்து ஷாட் லிஸ்ட்: ஒரு காட்சியை முன்வைத்து

கேள்வி: திரைக்கதை முழுவதும் எழுதி முடித்துவிட்டேன். அதிலிருந்து ஷாட் லிஸ்ட் எப்படித் தயாரிப்பது? ஷாட்டின் அளவு, கேமரா கோணம், நகர்வு இவற்றையெல்லாம் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

பதில்:

முதலில் கேமராவை மறந்துவிட்டு, காட்சி எந்த இடத்தில் திரும்புகிறது என்று பார்ப்பேன். அந்தத் திருப்பம் பிடிபட்ட பிறகுதான் அளவுகளைப் பற்றிப் பேச முடியும். ஏனென்றால் குளோசப் என்பது முகத்தை அருகில் காட்டும் வசதி மட்டுமல்ல. இதுவரை பார்த்ததைவிட இது முக்கியம் என்று பார்வையாளருக்குச் சொல்லும் முறையும் அதுதான். அதைத் திருப்பத்துக்கு முன்பே செலவழித்துவிட்டால், திருப்பம் வரும்போது கையில் எதுவும் மிஞ்சாது.

இரண்டு பக்கக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவு, வீட்டின் உள்ளறை. அண்ணன் மேசையில் அமர்ந்திருக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் சன்னல், எதிரே வாசல். தங்கை உள்ளே வந்து மேசைக்கு எதிரே நின்று பேசுகிறாள். பேச்சினிடையே மேசையில் கிடக்கும் வீட்டு விற்பனைப் பத்திரம் அவள் கண்ணில் படுகிறது. அதில் அவன் கையெழுத்து. "எப்ப போட்ட?" என்கிறாள். அவன் எழுந்து சன்னலோரம் போய், திரும்பாமலே "போன மாசம்" என்கிறான். அவள் சுற்றி வந்து அவனுடைய நாற்காலியில் அமர்கிறாள்.

இதன் திருப்பம் கையெழுத்தைப் பார்க்கும் கணம். அதற்கு முந்தைய பேச்சு எவ்வளவு சுவையாக எழுதப்பட்டிருந்தாலும், அதில் யாருக்கும் குளோசப் வைக்க மாட்டேன். எனவே முதல் ஷாட் வைட். பக்கவாட்டிலிருந்து, வாசல் இடப்புறமும் மேசை வலப்புறமும் தெரியும்படி, கேமரா அசையாமல் நிற்கிறது. இரண்டாவது, வாசலைப் பார்த்த ஷாட்: தங்கை முழு உருவமாக உள்ளே வந்து, நடந்தபடியே, இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் மிட் அளவுக்கு நெருங்குகிறாள். இங்கும் கேமரா நகரத் தேவையில்லை. நடிகரின் நடையே அளவை மாற்றிவிடும்போது பட்டியலின் நகர்வுக் கட்டத்தில் 'அசையாது' என்று எழுதுவதில் தயக்கம் வேண்டாம். மூன்றாவது, அண்ணனின் மிட் ஷாட்.

கோணத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, லோ ஆங்கிள் என்றால் அதிகாரம், ஹை ஆங்கிள் என்றால் பலவீனம் என்ற வாய்ப்பாட்டை நான் நம்புவதில்லை. யாருடைய கண் உயரத்திலிருந்து பார்க்கிறோம் என்று கேட்டுக்கொள்வதுதான் பயன்படுகிறது. அண்ணன் உட்கார்ந்திருக்கிறான், தங்கை நிற்கிறாள். ஆகவே மூன்றாவது ஷாட்டில் கேமரா அவள் உயரத்திலிருந்து சற்றுக் கீழ்நோக்குகிறது. அவள் கேள்வி கேட்ட பிறகு வரும் அண்ணனின் குளோசப்பில் கேமராவை அவன் கண் மட்டத்துக்கே இறக்கிவிடுவேன். அதுவரை அவளோடு நின்று அவனைப் பார்த்தோம். இப்போது பதில் சொல்ல முடியாத அவனோடு உட்காருகிறோம். கோணம் ஒன்று மாறியதாலேயே பார்வையாளரின் இடமும் மாறிவிடுகிறது.

நான்காவது இன்சர்ட், அதாவது பத்திரத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டும் ஷாட். இங்கே ஷாட் லிஸ்ட் திரைக்கதைக்கே ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்புகிறது. பத்திரம் அண்ணனை நோக்கிக் கிடந்தால், எதிரே நிற்கும் தங்கைக்குக் கையெழுத்து தலைகீழாகத்தான் தெரியும். அவன் பக்கத்திலிருந்து நேராக எடுத்தால் அது அவள் பார்வையாக இராது. அவள் ஒரு விரலால் தாளைத் தன் பக்கம் திருப்புகிறாள் என்று முடிவு செய்தால் இரண்டும் தீர்ந்துவிடும். நல்ல ஒரு செய்கையும் கிடைக்கும். அதைத் திரைக்கதையிலும் சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் வைட் ஷாட்டில் அவள் தாளைத் தொட்டிருக்க மாட்டாள், இன்சர்ட்டில் விரல் இருக்கும், படத்தொகுப்பில் இரண்டும் ஒட்டாது.

ஐந்தாவது ஷாட்டுக்குத்தான் டிராலி, அதாவது கேமராவையே நடிகரை நோக்கி நகர்த்துவது. 'மெதுவாக டிராலி இன்' என்று மட்டும் எழுதினால் ஒளிப்பதிவாளருக்கும் ஃபோகஸ் பார்ப்பவருக்கும் அது போதாது. எந்த அளவில் தொடங்கி எந்த அளவில் முடிகிறது, எந்தச் செய்கையில் கிளம்புகிறது, எங்கே நிற்கிறது என்பதையும் எழுத வேண்டும். என் பட்டியலில் அந்த வரி இப்படி இருக்கும்:

ஷாட் 5. தங்கை, மிட்டிலிருந்து குளோசப். கோணம்: அமர்ந்திருப்பவர் கண் உயரத்திலிருந்து சற்று மேல்நோக்கி. டிராலி இன்: கண் கையெழுத்தில் நிலைத்ததும் தொடக்கம், வாய் திறக்கும் முன் நிறுத்தம். லுக்: வலது.

வசனத்துக்கு முன்பே டிராலியை நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கேள்வி அசையாத சட்டகத்தில் விழுந்தால், அடுத்து வரும் அண்ணனின் அசையாத குளோசப்புக்கு வெட்டுவது எளிது. நகர்ந்துகொண்டிருக்கும்போது வெட்டினால் கண் அந்த இடறலைக் கவனித்துவிடும்.

அந்த வரியின் கடைசியில், நடிகர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று குறிக்கும் 'லுக்' கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வைட் ஷாட்டில் தங்கை இடப்புறம், அண்ணன் வலப்புறம். இருவருக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாகக் கொண்டு, கேமரா எப்போதும் அதன் ஒரே பக்கத்தில் இருந்தால், அவள் வலப்பக்கமும் அவன் இடப்பக்கமும் பார்ப்பார்கள். பட்டியலில் இருவருக்கும் ஒரே திசை எழுதப்பட்டிருந்தால், கேமரா எங்கோ கோட்டைத் தாண்டிவிட்டது என்பது படப்பிடிப்புக்கு முன்பே தாளில் தெரிந்துவிடும்.

ஆறாவது, மேலே சொன்ன அண்ணனின் குளோசப். பிறகு அவன் எழுந்து சன்னலுக்குப் போவதை, தங்கையின் வலது தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சஜஷன் ஷாட்டாக எழுதியிருந்தேன். அவள் நாற்காலியில் அமர்வது எட்டாவது ஷாட்டாக இருந்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் கேமரா நிற்பது தெரிகிறது. இப்படி இரண்டை வெட்டிச் சேர்த்தால் படம் துள்ளியது போலிருக்கும். கோணத்தில் 30 டிகிரியாவது வேறுபாடு வேண்டும், அல்லது அளவு நன்றாக மாற வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். இந்தக் காட்சியில் பிரிக்கவே அவசியமில்லை. அவள் தோள் முன்னால் இருக்க, அவன் விலகிப் போய்ச் சிறிதாகிறான். "போன மாசம்" என்கிறான். அவள் சட்டகத்துக்குள்ளேயே சுற்றிப் போய், கேமராவைப் பார்த்தவாறு அமர்கிறாள். அவளோடு கேமராவும் அமர்ந்த கண் மட்டத்துக்கு இறங்குகிறது. முன்னால் அவள், பின்னால் முதுகு காட்டி அவன். எட்டு ஷாட் ஏழாகிவிட்டது, காட்சியும் வலுப்பெற்றது. எனவே பட்டியலை முடித்ததும் எதையெல்லாம் இணைக்கலாம் என்று பார்ப்பதற்காகவே மறுபடி ஒரு முறை படியுங்கள்.

எண்கள் கதை வரிசையில் இருக்கட்டும். எடுக்கும் வரிசைக்குத் தனிக் கட்டம் போடுங்கள். நேரத்தை அதிகம் தின்பது ஒளியமைப்பை எதிர்ப்பக்கம் திருப்பும் வேலைதான். ஆகவே வைட் முடிந்ததும் வாசல் பக்கம் பார்க்கும் 2, 5, பிறகு சன்னல் பக்கம் பார்க்கும் 3, 6, 7, இறுதியில் இன்சர்ட். நேரம் நெருக்கினால் முதலில் கைவிட வேண்டியது 3, ஏனென்றால் அந்தப் பேச்சு வைட்டிலேயே இருக்கிறது. 5, 6, 7 மூன்றில் ஒன்று போனாலும் திருப்பம் போய்விடும். இந்த முடிவையும் பட்டியலிலேயே குறித்து உதவி இயக்குநரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஒரு ஷாட்டை நீக்கினால் மற்றவற்றின் எண்களை மாற்ற வேண்டாம். கிளாப் பலகையிலும் குறிப்பேட்டிலும் பழைய எண்கள் ஏறியிருக்கும் என்பதால், அந்த வரியை அடித்துவிட்டு எண்ணை அப்படியே காலியாக விடுவதே சரி.