25 பெட்பேன் கேட்ட ஆஸ்பத்திரிக்கு 25 கப்பல் அனுப்பின கதை

கேள்வி: ரஷ்யன் படிக்கிறேன். ஆறாம் வேற்றுமைப் பன்மையில மட்டும் ஒரு விதியும் நிக்க மாட்டேங்குது, சில சொல்லுக்கு விகுதியே இல்ல. எல்லாத்தையும் மனப்பாடம்தான் பண்ணணுமா?

நீங்க அனேகமா அஞ்சுக்கு மேல எண்ணுற பாடத்துக்கு வந்திருப்பீங்க. நம்மாளுங்க எல்லாரும் தடுக்கி விழற இடம் அதுதான், ஏன்னா தமிழ்ல அஞ்சு புத்தகம்னு ஒருமையிலயே சொல்லிட்டுப் போயிடலாம், யாரும் கேக்க மாட்டாங்க. ரஷ்யன்ல ரெண்டு மூணு நாலுக்கு ஆறாம் வேற்றுமை ஒருமை, அஞ்சுல இருந்து இருபது வரைக்கும் ஆறாம் வேற்றுமை பன்மை, அப்புறம் இருபத்தொண்ணுக்கு மறுபடி சாதா ஒருமை. (அவங்க புக்ல இது ஆறாவது இல்ல, ரெண்டாவது வேற்றுமை. நான் நம்ம கணக்குலயே சொல்றேன், சண்டைக்கு வராதீங்க.)

விதியே இல்லைன்னு சொல்றது சரியில்ல. ஒரு அடிப்படை இருக்கு. எழுவாய் ஒருமையில கடைசியில ஆ, ஓ மாதிரி விகுதி இருந்தா பன்மையில அது உதிர்ந்துடும். க்னீகா (புத்தகம்) அஞ்சு ஆனா க்னீக். எழுவாயில விகுதி இல்லாம மொட்டையா இருந்தா பன்மையில ஒண்ணு வந்து ஒட்டிக்கும். ஸ்தோல் (மேஜை) அஞ்சு ஆனா ஸ்தொலோவ். இங்க இருந்தா அங்க இல்ல, இங்க இல்லேன்னா அங்க இருக்கும், அவ்வளவுதான். இது மட்டும் கையில இருந்தாலே பெரும்பாலான சொல் அடங்கிடும். அடங்காதது என்னை என்ன பாடு படுத்துச்சுன்னு சொல்றேன்.

நான் இங்கிலீஷ்ல இருந்து ரஷ்யனுக்கு மொழிபெயர்க்கிற ஃப்ரீலான்ஸர். தாய்மொழிக்குத்தான் மொழிபெயர்க்கணும், நீ ஏன் எதிர்த் திசையில போறேன்னு கேக்கறவங்களுக்கு: வேலை அப்படித்தான் வருது, வாடகை நீங்க கட்டுறீங்களா? ஒரு தடவை ஒரு ஏஜென்சி மூலமா ஆஸ்பத்திரி சாமான் லெட்டர் ஒண்ணு வந்துச்சு. ரஷ்யாவுல ஒரு கிளினிக்குக்கு நம்ம பக்கத்து எக்ஸ்போர்ட்டர் அனுப்புறது, கட்டில் இவ்வளவு, மெத்தை இவ்வளவுன்னு. அதுல 25 பெட்பேன். பெட்பேனுக்கு ரஷ்யன்ல ஸுத்னோ. கப்பலுக்கும் ஸுத்னோதான். சிரிக்காதீங்க, நம்ம கலம் மட்டும் என்ன, மட்கலம்னா பானை, மரக்கலம்னா கப்பல்.

விஷயம் என்னன்னா, ஒருமையில ரெண்டும் அச்சு அசல் ஒண்ணு, பன்மையில பிரிஞ்சுடும். கப்பல் ஸுத்னோ பன்மையில நடுவுல இருக்கிற ‘ன்’னைத் தொலைச்சுட்டு ஸுதா ஆயிடும், ஆறாம் வேற்றுமையில விகுதி உதிராம விதிக்கு மாறா ஸுதோவ்னு வரும். பெட்பேன் ஸுத்னோ நல்ல பிள்ளை, விகுதியை உதிர்த்துடும். உதிர்த்ததும் கடைசியில த், ன் ரெண்டும் ஒட்டி நின்னு வாயில வராது, அதனால நடுவுல ஒரு எகரம் வந்து ஸுதென். நான் கோர்ஸ்ல கப்பலைத்தான் படிச்சிருந்தேன், கை பழக்கத்துல 25 ஸுதோவ்னு அடிச்சுட்டேன். ஸ்பெல் செக் ஒரு சிவப்புக் கோடு போடல, ஏன் போடப் போகுது, அது நிஜச் சொல்தானே. போதாததுக்கு கோர்ட்டுக்கு ரஷ்யன்ல ஸுத், அதோட ஆறாம் வேற்றுமைப் பன்மையும் ஸுதோவ். ஆக மூணாவது வார்டுக்கு 25 கப்பல், இல்லேன்னா 25 நீதிமன்றம்.

அங்க செக் பண்ண ரஷ்ய அம்மா ஓரத்துல ஒரே வரி எழுதி அனுப்பினாங்க: “இத்தனை கப்பலை எந்த ஜன்னல் பக்கம் கட்டிப் போடறது?”

எனக்கு வயிறு எரிஞ்சது எங்கன்னா, எண்ணிக்கை 24ன்னு இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காது. 24க்கும் நாலு மாதிரியே ஆறாம் வேற்றுமை ஒருமை, அங்க கப்பலும் பெட்பேனும் ரெண்டுமே ஸுத்னா. ஒரே ஒரு பெட்பேன் கூடினதுல மானம் போச்சு.

அந்த ஏஜென்சி அந்த வேலைக்குப் பாதிக் காசுதான் கொடுத்தாங்க. அங்க இருந்த ப்ராஜெக்ட் மேனேஜருக்கு ரஷ்யன்ல ஒரு எழுத்து தெரியாது, ஸுதோவ்னா என்னன்னு நான்தான் அவருக்குப் புரிய வெச்சேன், புரிஞ்சதும் பில்லுல கழிச்சார். வார்த்தைக்கு இவ்வளவு பைசான்னு ராத்திரி பதினோரு மணிக்கு ஃபைல் அனுப்பி காலையில எட்டுக்குக் கேக்கறவங்க, ரிவியூக்குத் தனிக் காசு கேட்டா மட்டும் பட்ஜெட் இல்லம்பாங்க. சரி, அதை விடுங்க.

அதுக்கு அப்புறம் ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். லிஸ்ட்ல எண்ணையும் பொருளையும் ஒட்ட விடமாட்டேன். பொருளை எழுவாய் ஒருமையில எழுதி, ஒரு கோடு போட்டு, 25 ஷ்த். அவங்க ஊர் பில்லுலயே அப்படித்தான் இருக்கும். ஷ்த்.ன்னா ஷ்தூக், ஷ்தூகாங்கிற சொல்லோட ஆறாம் வேற்றுமைப் பன்மை, அதுவும் விகுதி உதிர்ந்ததுதான், ஆனா சுருக்கி எழுதுறதால நீங்க தப்பிச்சீங்க. இது ஏமாத்து வேலைன்னு யாராவது கமெண்ட் போடுவீங்க, போடுங்க. லிஸ்ட்டுக்குத்தான் இது உதவும், ஓடுற வாக்கியத்துல உதவாது. அங்க ஒவ்வொரு சொல்லுக்கும் `gramota.ru`ல பன்மை வடிவத்தைப் பாத்துடுவேன். ஒரே எழுத்துல ரெண்டு சொல் இருந்தா அகராதி 1, 2ன்னு நம்பர் போட்டிருக்கும், முதல் நம்பரோட நிறுத்திடாதீங்க. நான் அப்படி நிறுத்தினவன்தான்.

ரஷ்யன்ல இருந்து தமிழுக்குக் கொண்டு வர்றவங்களுக்கு வலி வேற மாதிரி. உதிர்ந்த வடிவம் பாக்க ஆண்பால் ஒருமை மாதிரியே நிக்கும். பானொக்னு பாத்துட்டு அகராதியில பானொக் தேடினா வராது. அது பாங்கா, அதாவது ஜாடி, கண்ணாடி பாட்டில். பேங்க்குக்கு ஆறாம் வேற்றுமைப் பன்மை பாங்கோவ். அவசரத்துல ஊறுகாய் ஜாடி அஞ்சை அஞ்சு பேங்க் ஆக்கிடலாம். கடைசி மெய்க்கு முன்னாடி ஒ, எ இருந்து சொல் அகராதியில சிக்கலேன்னா, அந்த உயிரை எடுத்துட்டு கடைசியில ஆவோ ஓவோ போட்டுப் பாருங்க. ஓகொன் அக்னோ (ஜன்னல்) ஆகும், பீஸெம் பிஸ்மோ (கடிதம்) ஆகும்.

விகுதி இருந்திருக்க வேண்டிய ஆண்பால் சொல் சிலது மொட்டையா நிக்கறதுக்கும் காரணம் உண்டு. பழைய ரஷ்யன்ல இந்தப் பன்மைக்கு ரொம்பக் குட்டி உயிர் ஒண்ணுதான் விகுதி, அது நாளடைவுல ஒலியிழந்து போச்சு. போனதும் ஆண்பால் சொல்லுல ஒருமை எது பன்மை எதுன்னு தெரியாம குழப்பம், அதனால வேற ஒரு சின்னக் குழுச் சொல்லுங்ககிட்ட இருந்து ஓவ் விகுதியைக் கடன் வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. ஜோடியா வர்றது, எப்பவும் எண்ணோட வர்றது, இதுல பல சொல் கடனே வாங்கல, சூழலே பன்மைன்னு சொல்லிடுதே. ஸபோக் (பூட்ஸ்), கிளாஸ் (கண்), ராஸ் (தடவை), அஞ்சு செலவேக் (ஆள்) எல்லாம் அப்படி. ஆனா நிறைய ஆள்னா செலவேக் வராது, ல்யுதேய்னு வேற சொல். வருஷம் கோத், அஞ்சு வருஷம் மட்டும் லேத், அது கோடைங்கிற சொல்லோட பன்மை.

ஜோடியா வர்றது எல்லாம் மொட்டைன்னு நினைச்சுடாதீங்க, சாக்ஸ் நஸ்கோவ், ஸ்டாக்கிங்ஸ் சுலோக். ரஷ்யப் பசங்களுக்கே இது குழம்பும். சாக்ஸ் குட்டை, அதனால சொல் நீளம், ஸ்டாக்கிங்ஸ் நீளம், அதனால சொல் குட்டைன்னு சொல்லிக் கொடுப்பாங்க. இதை எனக்குச் சொன்னது அந்த ரஷ்ய அம்மாதான். இப்பவும் மெயில்ல என்னைக் கேப்டன்னுதான் கூப்பிடுறாங்க.